யவீருவின் மகள்: ஒரே சம்பவத்தை மூன்று சுவிசேஷங்களில் ஒப்பிட்டுப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுகளில் தமிழ் ஆராதனை முடிந்த பிறகு நடக்கும் வேதபாட வகுப்புகளில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வாலிபர்களும் கேட்டவைதான் அதிகம். மொத்தத்தையும் ஒரே சம்பவத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்: யவீருவின் மகளும், வழியில் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணும். மத்தேயு 9:18-26, மாற்கு 5:21-43, லூக்கா 8:40-56. மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணா, மத்தேயுவில் பிள்ளை செத்துப்போச்சுன்னு அப்பா வந்து சொல்றார். மாற்குவில் சாகக் கிடக்குதுன்னு சொல்றார். எது சரி?

பெரும்பாலானோர் முதலில் மோதுவது இந்த இடத்தில்தான். மாற்குவிலும் லூக்காவிலும் தகப்பன் வரும்போது பிள்ளைக்கு உயிர் இருக்கிறது, மரண அவஸ்தையில் கிடக்கிறாள். வழியில் அந்தப் பெண்ணிடம் இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து ஆள் வந்து, இறந்துவிட்டாள் என்கிறது. மத்தேயுவில் ஆளே வருவதில்லை. தகப்பன் வாய் திறந்ததுமே, "என் மகள் இப்பொழுதுதான் மரித்துப்போனாள்" என்கிறார்.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. ஏறத்தாழ கி.பி. 400-ல் அகுஸ்தீன் சுவிசேஷங்களின் ஒற்றுமை பற்றி எழுதிய நூலில் இதே இடத்தை எடுத்துக்கொள்கிறார். மத்தேயு சுருக்கமாகச் சொல்ல விரும்பினார், அதனால் தகப்பனின் வார்த்தையைவிட அவர் மனதில் இருந்ததை எழுதினார் என்பது அவருடைய விளக்கம். சுருக்கம் என்ற பாதி எனக்குச் சரியாகவே படுகிறது. மாற்குவில் 23 வசனம் ஓடும் கதை மத்தேயுவில் 9 வசனத்தில் முடிகிறது. ஆள் வந்து செய்தி சொல்வதை எடுத்துவிட்டால், பிள்ளை இறந்ததை வேறு எங்காவது சொல்லியாக வேண்டும். மத்தேயு அதைத் தகப்பனின் வாயிலேயே வைத்துவிட்டார்.

ஆனால் அதோடு விட்டுவிட்டால் முக்கியமானது கை நழுவிப்போகும். இந்த ஒரு மாற்றத்தால் கதையின் பாரம் வேறு இடத்துக்குப் போகிறது. மாற்குவில் ஒவ்வொரு நிமிடமும் எண்ணப்படுகிறது. பிள்ளை சாகக் கிடக்கிறது, கூட்டம் நெருக்குகிறது, இயேசு நின்று "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்கிறார், அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் தகப்பன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தத் தாமதத்துக்குள்ளேதான் செய்தி வருகிறது. "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்று இயேசு அவரிடம் சொல்வது அந்த நொடியில்.

மத்தேயுவில் இந்தத் தவிப்புக்கு இடமே இல்லை. பிள்ளை ஏற்கெனவே இறந்துவிட்டதால், வழியில் நின்றதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அங்கே வேறொன்று எழுந்து நிற்கிறது: இறந்த பிள்ளைமேல் கையை வைத்தால் பிழைப்பாள் என்று கேட்கும் தகப்பன். மாற்குவின் தகப்பன் வழியில் நம்பக் கற்றுக்கொள்கிறார். மத்தேயுவின் தகப்பன் நம்பிக்கையோடுதான் வந்தே சேர்கிறார்.

அப்படின்னா இரண்டு தனித்தனி சம்பவம்னு வச்சுக்கிட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

தீராது. 16-ஆம் நூற்றாண்டில் ஓசியாண்டர் என்ற ஜெர்மன் சீர்திருத்தவாதி இந்த வழியில்தான் போனார். விவரம் வித்தியாசப்பட்டால் சம்பவமும் வேறு என்று கொண்டதால், யவீருவின் மகள் ஒரு முறைக்கு மேல் உயிர்த்தெழ வேண்டியதாயிற்று. அதையும் தாண்டி, அதே பன்னிரண்டு வருட நோய் உள்ள ஒரு பெண் ஒவ்வொரு முறையும் வழியில் பின்னாலிருந்து வந்து தொட வேண்டும். துக்க வீட்டார் ஒவ்வொரு முறையும் சிரிக்க வேண்டும். இவ்வளவு பொருந்தும்போது சம்பவம் ஒன்றுதான், சொல்லும் விதம்தான் வேறு என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

ஒப்பிட்டுப் பார்க்க என்ன செய்யணும்? எதுலேருந்து ஆரம்பிக்கிறது?

முதல் வேலை ஒப்பிடுவதே இல்லை. மூன்றையும் தனித்தனியாக, முழுசாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சத்தமாக வாசியுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்றையும் மனதுக்குள் ஒன்றாகக் கலந்து, எந்தச் சுவிசேஷத்திலும் இல்லாத நான்காவது கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் சார்ட் பேப்பரை அகலவாட்டில் விரித்து மூன்று பத்தி போடுங்கள். மாற்குவை நடுவில் வையுங்கள். காரணம் எளிது: இந்தக் கதையில் மற்ற இரண்டும் மாற்குவோடு சேரும் இடங்கள் நிறைய, தங்களுக்குள் மட்டும் சேரும் இடங்கள் குறைவு. வசனங்களைக் கையால் எழுதுங்கள். ஒரே விஷயம் ஒரே வரிசையில் வரும்படி, இல்லாத இடத்தில் வெற்றிடம் விட்டு எழுதுங்கள். மத்தேயுவின் பத்தியில் எவ்வளவு வெள்ளை விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதே பாதிப் பாடம்.

இப்படிப் பத்தி பிரித்து அச்சிடும் புத்தகத்துக்கு சினாப்சிஸ் என்று பெயர் வந்தது 1770-களில், கிரீஸ்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் வழியாக. மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் ஒத்தமை சுவிசேஷங்கள் என்று இன்று அழைப்பது அதைத் தொட்டுத்தான்.

எழுதி முடித்ததும் நான்கு வண்ணப் பென்சில். மூன்றிலும் வருவது சிவப்பு. மாற்குவும் மத்தேயுவும் மட்டும் சேர்ந்தால் நீலம். மாற்குவும் லூக்காவும் மட்டும் என்றால் பச்சை. மாற்குவை விட்டுவிட்டு மத்தேயுவும் லூக்காவும் சேர்ந்தால் மஞ்சள். ஒருவரிடம் மட்டும் இருப்பதற்கு வண்ணம் வேண்டாம்.

ஒரு பகுதியை நீங்களே செஞ்சு காட்டுங்க அண்ணா.

வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணின் பகுதியை எடுப்போம். மாற்கு 5:25-34, பத்து வசனம். லூக்கா 8:43-48, ஆறு. மத்தேயு 9:20-22, மூன்றே மூன்று.

பன்னிரண்டு வருடம், பின்னாலிருந்து வந்தது, வஸ்திரத்தைத் தொட்டது, "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" ஆகியவை மூன்றிலும் உள்ளன, எல்லாம் சிவப்பு. கதையின் எலும்புக்கூடு இது.

தொட்டால் போதும், சுகமாவேன் என்று அவள் தனக்குள் எண்ணியது மாற்குவிலும் மத்தேயுவிலும் இருக்கிறது, லூக்காவில் இல்லை. அது நீலம்.

பச்சைதான் அதிகம். தொட்ட உடனே நின்ற உதிரம், தம்மிடமிருந்து வல்லமை புறப்பட்டதை இயேசு அறிந்தது, தொட்டது யார் என்ற கேள்வி, கூட்டம் நெருக்குகிறதே என்ற பதில், நடுங்கி வந்து விழுந்தது எல்லாம் மாற்குவும் லூக்காவும் மட்டும் சொல்பவை. ஆனால் பச்சைக்குள்ளும் உற்றுப் பாருங்கள். மாற்குவில் சீஷர்கள் சற்றுத் துடுக்காகவே கேட்கிறார்கள்: ஜனங்கள் நெருக்குவதைக் கண்டும், என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறீரே! லூக்காவில் பேதுரு பெயர் சொல்லி முன்னால் வருகிறார், "ஐயரே" என்று மரியாதையோடு ஆரம்பிக்கிறார். அதே விஷயம்தான், கூர் மழுங்கியிருக்கிறது. அப்புறம் லூக்காவில் மட்டும் அவள் எல்லா ஜனங்களுக்கும் முன்பாக அறிவிக்கிறாள். மாற்குவில் அவரிடம் உண்மையையெல்லாம் சொல்கிறாள் என்பதோடு சரி.

மத்தேயுவின் பத்தியில் இந்த இடம் முழுவதும் வெள்ளை. கேள்வி இல்லை, தேடுதல் இல்லை. இயேசு திரும்புகிறார், அவளைப் பார்க்கிறார், பேசுகிறார், அந்நேரம் முதல் அவள் சுகமானாள். வரிசையைக் கவனியுங்கள். மாற்குவில் சுகம் முதலில், வார்த்தை பிறகு. மத்தேயுவில் வார்த்தை முதலில், சுகம் பிறகு. வஸ்திரத்தைத் தொட்டதும் ஏதோ மந்திரம் போல நடந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள மத்தேயு இடம் வைக்கவில்லை.

கடைசியில் மஞ்சள். மாற்குவில் வஸ்திரத்தைத் தொட்டாள். மத்தேயுவிலும் லூக்காவிலும் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள். சின்ன விஷயம் போலத் தெரியும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மூணு பேர் ஒரே விபத்தைப் பார்த்துட்டு மூணு விதமா சொல்ற மாதிரிதானே இது? ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

வித்தியாசங்களை மட்டும் பார்த்தால் அந்த எண்ணம் வரும். ஒற்றுமைகளைப் பார்த்தால் அது நிற்காது. தனித்தனியாகப் பார்த்தவர்கள் விஷயத்தில் ஒத்துப்போவார்கள், வாக்கிய அமைப்பில் ஒத்துப்போக மாட்டார்கள்.

இதற்கு நல்ல சாட்சி திமிர்வாதக்காரன் சம்பவம். மாற்கு 2:10, மத்தேயு 9:6, லூக்கா 5:24 மூன்றையும் பாருங்கள். பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்று நீங்கள் அறியவேண்டும் என்று இயேசு சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த வாக்கியம் முடியும் முன்பே எழுதியவர் குறுக்கே வந்து, திமிர்வாதக்காரனிடம் சொன்னார் என்கிறார். மூவரும் பேச்சை அதே இடத்தில் வெட்டுகிறார்கள். மூன்று பேர் தற்செயலாக ஒரே வாக்கியத்தை ஒரே இடத்தில் வெட்ட மாட்டார்கள். எழுத்தில் இருந்த ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். லூக்காவும் தம் முதல் வசனங்களிலேயே, தனக்கு முன் அநேகர் எழுத முயன்றதை வெளிப்படையாகச் சொல்கிறார்.

அப்போ முதலில் எழுதினது யாரு?

பெரும்பாலான அறிஞர்கள் மாற்கு என்கிறார்கள். நானும் அப்படியே வகுப்பெடுக்கிறேன். யவீருவின் கதையிலேயே காரணம் தெரியும். மாற்குவை வைத்து மத்தேயு சுருக்கினார், லூக்கா மெருகேற்றினார் என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடிகிறது. திருப்பிப் போட்டால், மத்தேயுவின் சுருக்கமான, மரியாதையான கதையை எடுத்து, சீஷர்களின் துடுக்கையும் வைத்தியர்களிடம் பட்ட பாட்டையும் மாற்கு ஏன் புதிதாகச் சேர்த்தார் என்று விளக்க வேண்டியிருக்கும். அது கடினம். ஆனாலும் கிரீஸ்பாக் அந்தப் பக்கம்தான் நின்றார். மாற்கு கடைசியாக, மற்ற இரண்டையும் பார்த்து எழுதினார் என்பது அவருடைய முடிவு. இன்றும் சிலர் அதைச் சொல்கிறார்கள்.

அந்த "ஓரம்" விஷயம் என்ன? மாற்குவைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் எழுதினாங்கன்னா, மாற்குவில் இல்லாத வார்த்தை இரண்டு பேருக்கும் எப்படி வந்துச்சு?

இந்தத் துறையில் இருப்பவர்களை இன்னும் தூங்கவிடாத கேள்வி இது. மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்.

ஒன்று, லூக்கா மத்தேயுவையும் படித்திருந்தார். அப்படி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, பின்னால் வந்த நகலெடுப்பவர்கள் மத்தேயுவின் வார்த்தையை லூக்காவில் சேர்த்துவிட்டார்கள். சில பழைய பிரதிகளில் லூக்காவின் அந்த இடத்தில் "ஓரம்" கிடையாது என்பதால் இதையும் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது பதில் மாற்குவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு அதிகாரம் தள்ளி மாற்கு 6:56-ஐ எடுங்கள். அங்கே நோயாளிகள் அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தையாவது தொட வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள். மாற்குவைப் படித்திருந்த இருவருக்கும் அந்தச் சொல் கைக்கெட்டிய தூரத்தில் இருந்திருக்கிறது. அதோடு எண்ணாகமம் 15:38 யூதர்கள் தங்கள் வஸ்திரத்தின் ஓரங்களில் தொங்கல்கள் உண்டாக்க வேண்டும் என்கிறது. பின்னாலிருந்து வந்து தொடுகிறவளின் கைக்குச் சிக்குவது அதுதான். மத்தேயுவும் லூக்காவும் தனித்தனியாகவே இந்த எண்ணத்துக்கு வந்திருக்கலாம். எனக்கு மூன்றாவதுதான் நம்பக்கூடியதாகத் தெரிகிறது. ஆனால் இந்த ஒரே இடத்தை வைத்துப் பெரிய முடிவு கட்டாதீர்கள்.

எங்க வீட்ல பழைய திருப்புதல். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்க திருவிவிலியம் வச்சிருக்காங்க. பிள்ளைங்க ஸ்கூல்ல மலையாளம் படிக்கிறதால மலையாள வேதம் கேட்கிறாங்க. கலந்து வச்சு ஒப்பிடலாமா?

மூன்று பத்தியையும் ஒரே மொழிபெயர்ப்பிலிருந்து எழுதுங்கள். கலந்தால், நீங்கள் காண்பது சுவிசேஷகர்களின் வித்தியாசமா, மொழிபெயர்ப்பாளர்களின் வித்தியாசமா என்று தெரியாமல் போகும். பெயரே ஒன்றில் யவீரு, இன்னொன்றில் யாயிர்.

ஆனால் வண்ணம் தீட்டி முடித்த பிறகு அடுத்த வீட்டுப் பிரதியைக் கடன் வாங்கிச் சரிபார்ப்பது மிக நல்லது. அதனால் பிடிபடும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பழைய திருப்புதலில் மத்தேயு 9:22-லும் லூக்கா 8:48-லும் "திடன்கொள்" என்று வரும், மாற்குவில் வராது. அதைப் பார்த்ததும் மஞ்சள் பென்சிலை எடுப்பீர்கள். திருவிவிலியத்தில் லூக்காவின் அந்த வசனத்தைப் பாருங்கள், அப்படி ஒரு சொல் இருக்காது. பழைய திருப்புதல் பின்பற்றிய கிரேக்கப் பிரதிகளில் அது உண்டு, அதைவிடப் பழைய பிரதிகளில் கிடையாது. மத்தேயுவை மனப்பாடமாக வைத்திருந்த யாரோ ஒரு நகலெடுப்பவர் லூக்காவை எழுதும்போது கைவாக்கில் சேர்த்திருக்கிறார். ஆகவே மஞ்சள் விழும் ஒவ்வொரு இடத்தையும் இரண்டாவது மொழிபெயர்ப்பில் பார்த்த பிறகுதான் நம்புங்கள்.

லூக்கா வைத்தியர். அதனாலதான் வைத்தியர்களைப் பத்தி மாற்கு சொன்ன குறையை மறைச்சுட்டார்னு எங்க ஐயர் பிரசங்கத்துல சொன்னார். உண்மையா?

பாதிதான் பார்க்கப்பட்டிருக்கிறது. மாற்கு 5:26 கடுமையானது. அநேக வைத்தியரால் வருத்தப்பட்டாள், உள்ளதையெல்லாம் செலவழித்தாள், கொஞ்சமும் குணமாகவில்லை, இன்னும் மோசமானாள். லூக்காவில் குணமாக்க யாராலும் முடியவில்லை என்ற அளவுக்கு அது தணிகிறது. செலவழித்தது பற்றிய வரியும் மிகப் பழைய சில பிரதிகளில் இல்லை.

ஆனால் மத்தேயு என்ன செய்தார் என்று பார்த்தீர்களா? வைத்தியர்களைப் பற்றிய பேச்சையே முழுசாக விட்டுவிட்டார். அவரை வைத்தியர் என்று யாரும் சொல்லவில்லையே. ஒரு மாற்றத்துக்கு ஆளின் தொழிலைக் காரணமாகச் சொல்லும் முன், அந்தத் தொழில் இல்லாத இன்னொருவரும் அதையே செய்திருக்கிறாரா என்று மூன்றாவது பத்தியைப் பாருங்கள். இருவரும் மாற்குவைச் சுருக்குகிறவர்கள். இங்கே அந்தக் காரணமே போதும்.

லூக்காவின் உண்மையான கைரேகை வேறு இடத்தில் இருக்கிறது. யவீருவின் மகள் "ஒரே" மகள் என்று சொல்வது லூக்கா மட்டும். நாயீன் ஊர் விதவையின் மகன் ஒரே மகன், லூக்கா 7:12. பிசாசு பிடித்த பையனின் தகப்பன், இவன் எனக்கு ஒரே பிள்ளை என்று கதறுவது 9:38. கடைசிச் சம்பவம் மற்ற இரண்டு சுவிசேஷத்திலும் உண்டு, ஆனால் ஒரே பிள்ளை என்ற சொல் அங்கே கிடையாது. மூன்று இடத்தில் ஒரே மாதிரி நடந்தால்தான் அது எழுதியவரின் பழக்கம் என்று துணிந்து சொல்ல முடியும்.

பன்னிரண்டு வயசு, பன்னிரண்டு வருஷ நோய். இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?

எண்ணுக்கு மறைபொருள் தேடும் முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாற்கு பிள்ளையின் வயதை ஆரம்பத்தில் சொல்வதில்லை. அவள் எழுந்து நடந்த பிறகு, 42-ஆம் வசனத்தில், அவள் பன்னிரண்டு வயதுள்ளவள் என்கிறார். அதுவரை கைக்குழந்தையோ என்று நினைத்திருந்தவருக்கு, எப்படி நடந்தாள் என்பதற்கான விளக்கம் அது. லூக்கா அதைத் தூக்கிக் கதையின் ஆரம்பத்திலேயே, 8:42-ல் வைக்க, அடுத்த வசனத்திலேயே அந்தப் பெண்ணின் பன்னிரண்டு வருடம் வந்து நிற்கிறது. பிள்ளை வாழ்ந்த அவ்வளவு காலமும் இவள் நோயோடு இருந்தாள் என்பது வாசிப்பவருக்கு உடனே உறைக்கிறது. மத்தேயு பிள்ளையின் வயதைச் சொல்வதே இல்லை. அங்கே இந்த இணைப்பு கிடையாது. மத்தேயுவை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர் இதைச் சொல்லக்கூடாது.

தாரை ஊதுகிறவர்கள் மத்தேயுவில் மட்டும்தானே வர்றாங்க? சுருக்கறவர் ஏன் புதுசா சேர்க்கணும்?

நல்ல கேள்வி. இங்கே தாரை என்பது குழல்தான். யூத வழக்கத்தில் சாவு வீட்டுக்குக் குழல் ஊதுகிறவர்களையும் ஒப்பாரி வைக்கும் பெண்ணையும் வைப்பது கடமை. ஏழைக் கணவனும் மனைவியின் சாவுக்கு இரண்டு குழலுக்கும் ஒப்பாரி வைக்கும் ஒரு பெண்ணுக்கும் குறையாமல் வைக்க வேண்டும் என்று யூத ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு வாக்கு இருக்கிறது. மத்தேயு எழுதுவது அந்த வழக்கம் தெரிந்தவர்களுக்கு. நம் லயங்களில் பறைச் சத்தம் கேட்டதும் சாவு என்று தெரிந்துவிடுவது போல, குழல் என்ற ஒரு சொல்லிலேயே அவர்களுக்கு வீடு முழுக்கத் தெரிந்திருக்கும். பல வரியை எடுத்துவிட்டு, அந்த வேலையைச் செய்யும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்.

பிரசங்கத்துல மூணையும் சேர்த்து ஒரே கதையா சொல்லலாமா?

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பெரியவர்களுக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். அன்றைக்கு வாசிக்கப்படும் சுவிசேஷத்தோடு நில்லுங்கள். மாற்கு என்றால் "தலீத்தாகூமி" உண்டு, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பது கடைசியாக வரும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற கட்டளையும் உண்டு. மத்தேயு என்றால் இவை மூன்றும் இல்லை, செய்தி தேசமெங்கும் பரவுகிறது. இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் கலந்தால், ஒருவருக்கும் சொல்லாதே என்ற வீட்டிலிருந்தே செய்தி பரவியதாக ஆகிவிடும், கேட்கிறவர்கள் குழம்புவார்கள்.

அடுத்து எந்தப் பகுதியை எடுக்கலாம்?

எரிகோவின் குருடன்: மத்தேயு 20:29-34, மாற்கு 10:46-52, லூக்கா 18:35-43. மாற்கு பர்திமேயு என்று பெயர் சொல்கிறார், ஊரைவிட்டுப் புறப்படும்போது என்கிறார். லூக்காவில் ஊருக்குச் சமீபமாய் வரும்போதே நடக்கிறது. மத்தேயுவில் இரண்டு குருடர். லூக்கா ஏன் ஊருக்கு முன்னால் நகர்த்தினார் என்பதற்கு 19-ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களைப் பாருங்கள், அங்கே ஊருக்குள் சகேயு காத்திருக்கிறான்.